செல்போன் மெக்கானிக்கின் பயோடேட்டா

செல்போன் பழுது பார்ப்பவர் ஒருவர் வேலை கேட்டுப் போகிறார். கையில் ஒரு தாள் இருக்கிறது. அதைப் பயோடேட்டா என்கிறோம். ரெஸ்யூமே என்றும் சொல்வார்கள். அந்தத் தாளில் பெரும்பாலும் இப்படித்தான் எழுதியிருக்கும்:

"எல்லாக் கம்பெனி போனும் தெரியும். எல்லாப் பழுதும் பார்ப்பேன். விரைவாகச் செய்வேன். நேர்மையாக இருப்பேன்."

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதைப் படிக்கும் முதலாளிக்கு ஒன்றும் தெரிவதில்லை. இதே நான்கு வரிகளை நேற்று வந்தவரும் எழுதியிருப்பார். நாளை வருபவரும் எழுதுவார். நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவரும், நான்கு மாதம் வேலை பார்த்தவரும் தாளில் ஒன்றாகிவிடுகிறார்கள். இதனால் நட்டம் யாருக்கு? நன்றாக வேலை தெரிந்தவருக்குத்தான்.

அப்படியானால் என்ன எழுத வேண்டும்? செய்த வேலையை எண்ணி எழுத வேண்டும். எண்ணுவதற்கு ஒரு நோட்டு வேண்டும்.

காளஹஸ்தியில் ஒரு கடை

காளஹஸ்தி சொர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள கோயில் ஊர். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. ராகு கேது பூசைக்காகத் தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் தினமும் மக்கள் வருகிறார்கள். பலர் காலையில் வந்து மாலையில் பஸ்ஸோ ரயிலோ ஏறிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு சிறிய கடையில் வேலை செய்யும் தம்பி ஒருவரை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு வரை படித்தவர். நான்கு ஆண்டுகளாகப் போன் பழுது பார்க்கிறார். திருப்பதியில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலைக்கு விண்ணப்பிக்க நினைக்கிறார். அவருக்கு நாம் ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அவர் ஜூன் மாதம் முழுவதும் ஒரு நோட்டில் எழுதி வந்தார். ஒரு போனுக்கு ஒரு வரி. ஒரு வரியில் ஏழு கட்டங்கள்:

1. போன் வந்த தேதி, நேரம்
2. கம்பெனியும் மாடலும்
3. வாடிக்கையாளர் சொன்ன பழுது
4. திறந்து பார்த்தபோது கண்ட பழுது
5. செய்த வேலை
6. திருப்பிக் கொடுத்த தேதி, நேரம்
7. உள்ளூரா, வெளியூரா

மாத முடிவில் எண்ணிப் பார்த்தார். மொத்தம் 60 போன்கள்.

சொன்ன பழுது வேறு, கண்ட பழுது வேறு

இந்த நோட்டில் மூன்றாவது கட்டமும் நான்காவது கட்டமும் தனித்தனியே இருப்பதைக் கவனியுங்கள். இரண்டும் ஒன்று அல்ல.

"சார்ஜ் ஏறவில்லை" என்று 20 பேர் போனைக் கொண்டுவந்தார்கள். இது பழுதின் பெயர் அல்ல, பழுதின் அடையாளம். காய்ச்சல் என்று சொல்வது போல. காய்ச்சலுக்குப் பல காரணங்கள் உண்டு அல்லவா? இதற்கும் அப்படித்தான்.

தம்பி என்ன செய்தார்? முதலில் டார்ச் அடித்து சார்ஜிங் பின் துளைக்குள் பார்த்தார். சட்டைப் பையில் உள்ள பஞ்சுத் தூசு அங்கே போய் இறுகிக்கொள்ளும். கேபிள் உள்ளே முழுவதும் போகாது. உலோக ஊசியால் குத்தினால் உள்ளே உள்ள தகடு வளைந்துவிடும். எனவே மரக்குச்சியால் மெல்ல எடுத்தார். அடுத்து, நல்ல கேபிளும் நல்ல சார்ஜரும் போட்டுப் பார்த்தார். இடையில் ஒரு சிறிய யு.எஸ்.பி. மீட்டரை மாட்டினார். போன் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அது காட்டும். ஆம்பியர் பூஜ்யம் என்று காட்டினால் மின்சாரம் உள்ளே போகவே இல்லை. போகிறது, ஆனால் சார்ஜ் நிற்கவில்லை என்றால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும்.

இப்படிப் பார்த்ததில் 20 போன்களும் மூன்று வகையாகப் பிரிந்தன. 14 போன்களில் கோளாறு சார்ஜிங் பின்னில் இருந்தது. அந்த 14-லும் 5 போன்களுக்குத் தூசு எடுத்ததே போதும். மற்ற 9 போன்களுக்குப் பின்னை அல்லது சார்ஜிங் போர்டை மாற்றினார். 4 போன்களில் பேட்டரி கெட்டிருந்தது. 2 போன்களில் தண்ணீர் போய் மதர் போர்டு கெட்டிருந்தது.

வாடிக்கையாளர் சொன்னதை மட்டும் எழுதியிருந்தால், "சார்ஜிங் பழுது 20" என்று ஒரே வரியாக முடிந்திருக்கும். கண்டதை எழுதியதால் தம்பி சோதித்துப் பார்க்கத் தெரிந்தவர் என்பது புரிகிறது. 20 பேருக்கும் போர்டை மாற்றிக் காசு வாங்கவில்லை என்பதும் புரிகிறது.

60 போன்களையும் கண்ட பழுதின்படி பிரித்தால் கணக்கு இப்படி வருகிறது:

டிஸ்பிளே மாற்றியது – 18
சார்ஜிங் பின், சார்ஜிங் போர்டு – 14
பேட்டரி – 9
ஸ்பீக்கர், மைக், பட்டன் – 6
சாப்ட்வேர் – 6
தண்ணீர் போனது, உயிரே இல்லாதது – 7

எந்தக் கம்பெனி, எந்த வேலை?

"எல்லாக் கம்பெனியும்" என்று எழுதக் கூடாது என்றோம். பிறகு எப்படி எழுதுவது? எத்தனை போன் கைக்கு வந்ததோ அந்த வரிசையில் எழுத வேண்டும். தம்பியின் நோட்டில் ரெட்மியும் போகோவும் சேர்ந்து 19, விவோ 13, சாம்சங் 10, ரியல்மி 8, ஒப்போ 6, ஐபோன் 2, பட்டன் போன் 2.

இதில் ஐபோன் இரண்டுதான். அதையும் மறைக்காமல் "2" என்றே எழுத வேண்டும். ஏன்? ஐபோனில் வேலை முறை வேறு. ஐபோன் 11 முதல் வந்த மாடல்களில் கம்பெனியுடையது அல்லாத டிஸ்பிளேவை மாற்றினால், போனின் அமைப்புப் பக்கத்தில் Unknown Part என்று எழுத்து வரும். இது தெரியாதவர் டிஸ்பிளேவை மாற்றிக் கொடுத்துவிடுவார். வாடிக்கையாளர் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருவார். தெரிந்தவர் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுவார். "ஐபோன் தெரியும்" என்று எழுதியவரிடம் முதலாளி இதைத்தான் முதலில் கேட்பார்.

இன்னொரு செய்தி. திருப்பதி மாவட்டத்தில் ஸ்ரீசிட்டி என்ற தொழில் நகரம் இருக்கிறது. ஷியோமி கம்பெனி இந்தியாவில் போன் செய்யத் தொடங்கியது அங்கேதான். 2015 ஆகஸ்டில் பாக்ஸ்கான் கம்பெனி மூலம் அந்த வேலை தொடங்கியது. இந்தப் பக்கத்தில் போன் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள் பலர் உண்டு. தொழிற்சாலை வேலையையும் பழுது பார்க்கும் வேலையையும் ஒன்றாகச் சேர்த்து எழுதக் கூடாது. தொழிற்சாலையில் ஒருவர் நாள் முழுவதும் ஒரே வேலையைச் செய்வார். திருகு போடுவார், அல்லது கேமராவைச் சோதிப்பார். அது நல்ல பயிற்சிதான். ஆனால் அங்கே செய்த வேலை எது என்று தனி வரியில் எழுத வேண்டும். அப்போதுதான் இரண்டும் மதிக்கப்படும்.

எத்தனை நேரத்தில் முடித்தார்?

காளஹஸ்திக் கடையில் நேரம் பெரிய விஷயம். பூசைக்கு வந்தவர் மாலையில் ஊருக்குப் போக வேண்டும். ரயில் டிக்கெட் போனில் இருக்கும். பணம் கட்டுவதும் போனில்தான். "நாளை வாருங்கள்" என்றால் அவரால் வர முடியாது.

தம்பியின் கணக்கு இது. அன்றைக்கே கொடுத்தது 41. மூன்று நாளுக்குள் கொடுத்தது 12. மூன்று நாளுக்கு மேல் ஆனது 4. சரி செய்ய முடியாமல் திருப்பிக் கொடுத்தது 3. கூட்டினால் 60 வருகிறது.

இதைப் பயோடேட்டாவில் "சராசரியாக இத்தனை நாள்" என்று எழுதலாமா? வேண்டாம். சராசரி இங்கே ஏமாற்றும். நான்கு போன்களை வைத்துப் பாருங்கள். மூன்று போன்களுக்கு ஒவ்வொரு நாள் ஆனது. நான்காவது போனுக்கு ஒரு ஐ.சி. தேவைப்பட்டது. அதைச் சென்னை ரிச்சி தெருவில் சொல்லி வரவழைத்தார்கள். 17 நாள் ஆனது. மொத்தம் 20 நாள். நான்கால் வகுத்தால் சராசரி 5 நாள். ஆனால் எந்தப் போனுக்கும் 5 நாள் ஆகவில்லையே! படிப்பவர் "இவர் மெதுவாக வேலை செய்பவர்" என்று நினைத்துவிடுவார்.

எனவே "60-ல் 41 அன்றைக்கே" என்று எழுதுவதே தெளிவு. பழுதோடு சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. டிஸ்பிளே 18-ல் 15 அன்றைக்கே. சார்ஜிங் 14-ல் 12 அன்றைக்கே. உயிரில்லாத போன் 7-ல் ஒன்றுகூட அன்றைக்குக் கொடுக்கவில்லை. 4 சரியானது, 3 சரியாகவில்லை.

"சரியாகவில்லை என்று எழுதினால் வேலை கிடைக்காதே" என்று சிலர் பயப்படலாம். அப்படி அல்ல. தண்ணீரில் மூழ்கிப் பல நாள் கிடந்த போர்டில் செம்புக் கோடுகள் அரித்துப்போயிருக்கும். யாராலும் எல்லாவற்றையும் பிழைக்க வைக்க முடியாது. ஏழும் சரியானது என்று எழுதினால்தான் தொழில் தெரிந்தவர் சந்தேகப்படுவார்.

திரும்பி வந்த போன் சொல்லும் உண்மை

"வாடிக்கையாளர்கள் என்னை நம்புகிறார்கள்" என்று எவரும் எழுதலாம். நம்பிக்கையை எண்ண முடியுமா? ஓரளவு முடியும். சரி செய்து கொடுத்த போன், அதே பழுதோடு 30 நாளுக்குள் திரும்பி வந்ததா என்று பார்க்க வேண்டும்.

இதை எண்ணும்போது மூன்று இடங்களில் தவறு வரும்.

முதலாவது, அவசரம். ஜூன் 30-ஆம் தேதி கொடுத்த போன் ஜூலை 30 வரை திரும்பி வரலாம். எனவே ஜூன் மாதக் கணக்கை ஜூலை முடிந்த பிறகுதான் எண்ண வேண்டும். ஜூலை முதல் தேதியே எண்ணினால் குறைவாகத்தான் வரும். அது உண்மை ஆகாது.

இரண்டாவது, வெளியூர்க்காரர்கள். தம்பி சரி செய்து கொடுத்த போன்கள் 57. அதில் 17 போன்கள் பூசைக்கு வந்தவர்களுடையவை. அவர்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டார்கள். போன் மறுபடியும் கெட்டிருந்தாலும் அதற்காகக் காளஹஸ்திக்குத் திரும்பி வரமாட்டார்கள். அவர்கள் வரவில்லை என்பதால் போன் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. எனவே அந்த 17-ஐ விட்டுவிட வேண்டும். மீதி 40 உள்ளூர் போன்களை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். நோட்டில் "உள்ளூரா, வெளியூரா" என்ற கட்டம் இதற்காகத்தான்.

மூன்றாவது, புதிய அடி. உள்ளூர் போன்கள் மூன்று திரும்பி வந்தன. அதில் ஒன்று மறுபடியும் கீழே விழுந்து டிஸ்பிளே உடைந்தது. அது தம்பியின் வேலைக் குறை அல்ல. மற்ற இரண்டிலும் பழைய பழுதே வந்தது. ஆகவே கணக்கு 40-ல் 2.

அந்த இரண்டும் சார்ஜிங் வேலைகள்தான். ஒன்றில் தூசை மட்டும் எடுத்துக் கொடுத்திருந்தார். உண்மையில் பின் தேய்ந்து தளர்ந்திருந்தது. இன்னொன்றில் புதிய சார்ஜிங் போர்டைப் போட்டார். அதன் ரிப்பன் சரியாக அழுந்தவில்லை. பிறகு என்ன செய்தார்? சார்ஜிங் வேலை முடிந்ததும் மீட்டரை மாட்டிப் பத்து நிமிடம் வைத்தார். கேபிளை மேலும் கீழும் மெல்ல அசைத்தார். ஆம்பியர் விழுந்து எழுந்தால் பின் தளர்ந்திருக்கிறது என்று பொருள். விழாமல் நின்றால்தான் போனைக் கொடுத்தார்.

பயோடேட்டாவில் இதற்கு இரண்டு வரி போதும். "40-ல் 2 திரும்பி வந்தது. இரண்டும் சார்ஜிங். இப்போது மீட்டர் சோதனை செய்து கொடுக்கிறேன்." இந்த இரண்டு வரியைப் படிப்பவர், இவர் தம் வேலையைத் தாமே பார்த்துத் திருத்துபவர் என்று அறிந்துகொள்வார்.

போனுக்குள் இருப்பது யாருடையது?

நம்பிக்கைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இன்று போனுக்குள் குடும்பப் படங்கள் இருக்கின்றன. வங்கிக் கணக்கு இருக்கிறது. போனைக் கொடுப்பவர் வீட்டுச் சாவியைக் கொடுப்பது போலக் கொடுக்கிறார். பெண்கள் பலர் இதற்குப் பயந்தே போனைப் பழுதுக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள்.

எனவே என்ன பழக்கம் வைத்திருக்கிறார் என்பதைப் பயோடேட்டாவில் எழுதலாம். சிம்மையும் மெமரி கார்டையும் முதலிலேயே கழற்றி அவர் கையில் கொடுப்பது. பூட்டு எண்ணைக் கேட்டு நோட்டில் எழுதாமல், அவரையே திறந்து காட்டச் சொல்வது. சாம்சங் போன் சிலவற்றில் பராமரிப்பு முறை என்று ஒன்று இருக்கிறது. சாம்சங் 2022-இல் இதைக் கொண்டுவந்தது. அதைப் போட்டால் படங்களும் செய்திகளும் மெக்கானிக்குக் கண்ணில் படாது. மாற்றிய பழைய உறுப்பை உரியவரிடமே காட்டித் திருப்பிக் கொடுப்பதும் நல்ல பழக்கம்.

அடுத்தது ஐ.எம்.இ.ஐ. எண். ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்கத்தில் இந்த எண் உண்டு. இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண் இருக்கும். *#06# என்று அழுத்தினால் திரையில் தெரியும். போனை வாங்கும்போதே இதைச் சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். "இது என் போன் இல்லை, மாற்றிவிட்டீர்கள்" என்ற பேச்சு பிறகு வராது.

திருட்டுப் போனா என்று பார்க்கவும் இந்த எண் உதவும். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் ஒரு வசதியைத் திறந்தது. அதன் பெயர் சஞ்சார் சாத்தி. தொலைந்த போனின் எண்ணை அங்கே பதிந்து முடக்கலாம். KYM என்று எழுதி, ஓர் இடம் விட்டு, 15 இலக்க எண்ணை எழுதி 14422-க்குச் செய்தி அனுப்பினால் அந்த எண்ணின் நிலை பதிலாக வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிலர் பயோடேட்டாவில் "ஐ.எம்.இ.ஐ. மாற்றித் தருவேன்" என்று பெருமையாக எழுதுகிறார்கள். அந்த எண்ணை மாற்றுவது குற்றம். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். அப்படி எழுதியவர் தமக்கு எதிராகத் தாமே சாட்சி எழுதிக் கொடுக்கிறார். "எந்தப் பூட்டையும் உடைப்பேன்" என்பதும் திருட்டுப் போனுக்கு வழி காட்டும் பேச்சுதான். அதற்குப் பதில், "பில் பார்த்த பிறகே பூட்டு எடுப்பேன்" என்று எழுதலாம்.

இப்போது தாளில் எழுதுவோம்

மேலே பார்த்த எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். தம்பியின் பயோடேட்டா இப்படி இருக்கும்:

பெயர்: ...............
ஊர்: ஸ்ரீகாளஹஸ்தி, திருப்பதி மாவட்டம்
செல் எண்: ...............
படிப்பு: பத்தாம் வகுப்பு
மொழி: தெலுங்கும் தமிழும் பேச, படிக்க, எழுதத் தெரியும். இந்தி பேசத் தெரியும்.
வேலை: செல்போன் பழுது பார்ப்பது, 4 ஆண்டுகள், ஒரே கடை

ஒரு மாத வேலை (ஜூன், 60 போன்கள்):
கம்பெனி: ரெட்மி–போகோ 19, விவோ 13, சாம்சங் 10, ரியல்மி 8, ஒப்போ 6, ஐபோன் 2, பட்டன் போன் 2
பழுது: டிஸ்பிளே 18, சார்ஜிங் 14, பேட்டரி 9, ஸ்பீக்கர்–மைக்–பட்டன் 6, சாப்ட்வேர் 6, தண்ணீர்–உயிரில்லாதது 7
நேரம்: அன்றைக்கே 41, மூன்று நாளுக்குள் 12, அதற்கு மேல் 4, சரியாகாதது 3
திரும்பி வந்தது: உள்ளூர் போன் 40-ல் 2 (சார்ஜிங்). இப்போது மீட்டர் சோதனை செய்து கொடுக்கிறேன்.

பழக்கம்: ஐ.எம்.இ.ஐ. எண் எழுதிச் சீட்டு தருவேன். பூட்டு எண் எழுதி வைப்பதில்லை. பழைய உறுப்பைத் திருப்பிக் கொடுப்பேன்.
கருவி: மல்டிமீட்டர், டி.சி. பவர் சப்ளை, ஹாட் ஏர், சால்டரிங் அயர்ன். மைக்ராஸ்கோப்பில் வேலை செய்யப் பழகி வருகிறேன்.

இதில் வாடிக்கையாளர் பெயரோ செல் எண்ணோ இல்லை. இருக்கவும் கூடாது. நோட்டு கடைக்குச் சொந்தம். எண்ணிக்கையை மட்டும் எடுத்து எழுத முதலாளியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊர்ப் பெயரையும் கவனியுங்கள். பழைய சான்றிதழில் சித்தூர் மாவட்டம் என்று இருக்கும். இப்போதைய முகவரியில் திருப்பதி மாவட்டம் என்று எழுத வேண்டும். கேட்டால் 2022-இல் மாவட்டம் பிரிந்ததைச் சொல்லலாம்.

நேரில் கேட்டால்?

தாளில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் நேரில் ஒரு கேள்வி வரும். சர்வீஸ் சென்டர் மேனேஜர் எப்படிக் கேட்பார் என்று பாருங்கள்.

"தம்பி, உயிரில்லாத போன் ஏழு வந்தது என்று எழுதியிருக்கிறாய். போர்டைக் கையில் எடுத்தால் முதலில் என்ன செய்வாய்?"

"பேட்டரியைக் கழற்றிவிட்டு டி.சி. சப்ளையில் போடுவேன் சார். நான்கு வோல்ட் வைப்பேன்."

"பவர் பட்டனை அழுத்தும் முன்பே ஆம்பியர் ஏறினால்?"

"பேட்டரி லைனில் எங்கோ ஷார்ட் இருக்கிறது சார். மின்சாரம் கசிகிறது. எது சுடுகிறது என்று தேடுவேன்."

"அழுத்தியும் ஏறவில்லை என்றால்?"

"பட்டனையும் அதன் ரிப்பனையும் முதலில் பார்ப்பேன். அது நன்றாக இருந்தால் பவர் ஐ.சி. பக்கம் போவேன்."

"ஏறி இறங்கி ஓடுகிறது, ஆனால் திரையில் ஒன்றும் இல்லை?"

"அப்படியானால் போன் உள்ளே ஓடுகிறது சார். டிஸ்பிளே செத்திருக்கலாம். வேறு டிஸ்பிளேவை மாட்டிப் பார்ப்பேன்."

"அந்த மூன்று ஏன் சரியாகவில்லை?"

"இரண்டில் தண்ணீர் போய்ப் போர்டு அரித்துவிட்டது. ஒன்றில் பெரிய ஐ.சி.யை மாற்ற வேண்டும். அந்த வேலை எனக்கு இன்னும் தெரியாது சார்."

தம்பிக்குப் பதில் சொல்வதில் சிரமம் இல்லை. செய்த வேலையைத்தான் எழுதியிருக்கிறார். செய்யாததை எழுதியிருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே திணறியிருப்பார்.

எந்த இடத்துக்கு எந்த வரி?

ஒரே தாளை எல்லா இடத்திலும் கொடுக்கலாம். ஆனால் எந்த வரி மேலே வர வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

கம்பெனியின் சொந்த சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் கெட்ட போர்டைப் பழுது பார்ப்பதில்லை. முழுப் போர்டையே மாற்றுவார்கள். ஒவ்வொரு போனுக்கும் சீட்டு எழுதுவது, உறுப்புக் கணக்கு வைப்பது, வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசுவது இவைதான் அங்கே முக்கியம். எனவே அந்தக் கம்பெனிப் போன்களின் எண்ணிக்கை, திரும்பி வந்த கணக்கு, சீட்டு எழுதும் பழக்கம், மொழி இவற்றை மேலே எழுத வேண்டும்.

கடைத்தெருவில் உள்ள தனிக் கடைக்குப் போனால் கதை வேறு. அங்கே போர்டு வேலைக்கு மதிப்பு அதிகம். தண்ணீர் போன போன் எத்தனை வந்தது, எத்தனை பிழைத்தது, என்ன கருவி தெரியும் என்பது மேலே வர வேண்டும்.

செய்து பாருங்கள்

1. ஒரு நோட்டில் ஏழு கட்டம் போடுங்கள். இன்று வந்த போன்களை எழுதுங்கள்.
2. "சொன்ன பழுது", "கண்ட பழுது" இரண்டும் எத்தனை போன்களில் வேறுபட்டன?
3. 50 போன் சரி செய்து கொடுத்தீர்கள். 20 வெளியூர். உள்ளூர் போன்களில் 4 திரும்பி வந்தன. அதில் ஒன்று கீழே விழுந்து உடைந்தது. பயோடேட்டாவில் என்ன எழுதுவீர்கள்?

(மூன்றாம் கேள்விக்கு விடை: 30-ல் 3.)